ஆல்புமினா, ப்ரீஆல்புமினா, படுக்கையோரப் பரிசோதனையா? அழற்சி உள்ளவருக்குச் சத்துநிலையை எதை வைத்து எழுதுவது

வட சென்னை ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேரும் டயட்டீஷியன்களும் வார்டில் எழுதும் பி.ஜி. டாக்டர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஆல்புமின் 2.3 வந்திருக்கு. சீனியர் 'புரதச் சத்துக்குறைபாடு'ன்னு எழுதச் சொல்றார். ஆளைப் பார்த்தா நல்லாத்தான் இருக்கார். கேஸ் ஷீட்டில் எதை எழுத?" சிலர் இன்னொரு படி போய், ஆல்புமினுக்குப் பதில் ப்ரீஆல்புமின் அனுப்பலாமா என்றும் கேட்பார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் அழற்சி இருக்கும்போது இந்த இரண்டு புரதங்களும் நோயின் தீவிரத்தைச் சொல்கின்றன, சத்துநிலையைச் சொல்வதில்லை. ஊட்டச்சத்து சிகிச்சைக்கான அமெரிக்கச் சங்கமான ஆஸ்பென் 2020ல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும் இதையே சொல்கிறது. ஆனாலும் ரிப்போர்ட்டில் எண் வந்துவிட்ட பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போக முடியாது. அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று எழுதியாக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு. முதலாவது, இந்த அளவு சாப்பாட்டால் மட்டும் மாறுகிறதா, வேறு காரணங்களாலும் மாறுகிறதா. இரண்டாவது, நோயாளி தேறுகிறாரா தேய்கிறாரா என்பதைச் சரியான திசையில் காட்டுகிறதா. மூன்றாவது, நாளை சீஃப் ரவுண்ட்ஸிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ யாராவது "எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்" என்று கேட்டால் பதில் நிற்குமா. நான்காவது செலவு. டெஸ்ட்டுக்கான பணம் சின்ன விஷயம். தப்பான எண்ணை நம்பி அடுத்து செய்யும் காரியத்தின் செலவுதான் பெரிது.

## ஆல்புமின்

எல்லா லேபிலும் கிடைக்கும், மலிவு, கல்லீரல் பரிசோதனையோடு கேட்காமலே வந்துவிடும். அதன் செல்வாக்குக்கு முக்கியக் காரணமே இந்தச் சுலபம்தான் என்பது என் எண்ணம்.

ஆல்புமினைக் கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் வரை உற்பத்தி செய்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 20 நாள். உடம்பின் மொத்த ஆல்புமினில் பாதிக்கும் மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே, திசுக்களில் இருக்கிறது. நல்ல உடம்பிலேயே ரத்தத்தில் உள்ளதில் சுமார் 5 சதவீதம் மணிக்கு மணி வெளியே கசிந்து, நிணநீர் வழியாகத் திரும்பி வருகிறது. கணக்குப் போட்டால், கல்லீரல் ஒரு நாளில் செய்வதில் ஏறக்குறையப் பாதி ஒரே மணி நேரத்தில் வெளியே போய் வருகிறது. தொற்று ரத்தத்தில் பரவினால் நுண்குழாய்கள் இன்னும் திறந்துகொள்ளும், கசிவு சில மடங்கு கூடும். அதே நேரத்தில் இன்டர்லூக்கின்-6 போன்ற தகவல் மூலக்கூறுகள் கல்லீரலின் வேலையைச் சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜென், ஃபெரிட்டின் பக்கம் திருப்பிவிடுகின்றன. ஆல்புமின் உற்பத்தி பின்னுக்குப் போகிறது. போதாததற்கு நாம் ஏற்றும் ட்ரிப்ஸ் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. புழல் ஏரியில் மட்டம் இறங்கினால் மழை பொய்த்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது, மதகைத் திறந்திருக்கலாம் அல்லவா? அதே கதைதான் இதுவும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். வெறும் பட்டினி, அழற்சி இல்லை என்றால் ஆல்புமின் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். உணவை மறுக்கும் அனொரெக்சியா நோயாளிகள் எலும்பும் தோலுமாக இருந்தும் பலருக்கு ஆல்புமின் இயல்பாகவே இருக்கும். 1944-45ல் மினசோட்டாவில் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு நடந்த ஆய்வில் அவர்கள் உடல் எடையில் சுமார் கால்பங்கை இழந்தார்கள். ரத்தப் புரதம் கொஞ்சமே குறைந்தது. ஆக, சத்துக்குறைபாடு இல்லாதவரை உண்டு என்றும், இருப்பவரை இல்லை என்றும் காட்டக்கூடிய எண் இது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். "ஆல்புமின் கம்மி" என்ற ஒரு வார்த்தையால் பல ஆயிரம் ரூபாய்க்கு 20 சதவீத ஆல்புமின் பாட்டில் எழுதப்படும். 100 மில்லியில் இருப்பது 20 கிராம் புரதம், அதாவது மூன்று முட்டைக்குச் சமம். அதுவும் சாப்பாடு ஆகாது. அது மெதுவாகத்தான் சிதையும், தவிர ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் மிகமிகக் குறைவு. ஏற்றிய மறுநாள் எண் மட்டும் அழகாகத் தெரியும். இதைவிட ஆபத்தான செலவும் உண்டு. சீழ் வடிக்க வேண்டிய அறுவைச் சிகிச்சையை "ஆல்புமின் 3.5 வரட்டும்" என்று தள்ளிப்போடுவார்கள். சீழ் உள்ளே இருக்கும்வரை அது வராது.

ஆல்புமின் எப்போது நல்ல தேர்வு? அபாயத்தைக் கணிக்க. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1999ல் வெளியான பெரிய ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய மரணத்தை முன்கூட்டிச் சொல்வதில் ஆல்புமின் முன்வரிசையில் நின்றது. கல்லீரல், சிறுநீரில் புரதம் போகும் நோய், கால்சியம், ஃபெனிட்டாய்ன் அளவுகளைத் திருத்திப் படிப்பது ஆகியவற்றுக்கும் அது வேண்டும். ஆகவே டெஸ்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குச் "சத்துநிலை" என்று பெயர் வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

## ப்ரீஆல்புமின்

பெயரில் ஆல்புமின் இருந்தாலும் இது வேறு புரதம். தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதத்தையும் தாங்கிச் செல்வது, இன்னொரு பெயர் ட்ரான்ஸ்தைரெட்டின். அரை ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். அதனால் "இது சீக்கிரம் மாறும், சாப்பாட்டின் பலன் உடனே தெரியும்" என்ற வாதம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் சீக்கிரம் மாறும் என்பது அழற்சிக்கும் பொருந்தும். கல்லீரலின் அதே திருப்பம் இதையும் இறக்குகிறது, இன்னும் வேகமாக. மேலும் சிறுநீரகம் செயலிழந்தால் உயரும். ஸ்டீராய்டு கொடுத்தாலும் உயரும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு காலில் சீழ் என்றால், ஒரு காரணம் எண்ணை ஏற்றும், மற்றொன்று இறக்கும். நடுவில் வரும் எண்ணுக்கு என்ன பொருள் சொல்ல முடியும்? நம் பக்கத்தில் இந்தச் சேர்க்கை அபூர்வமும் இல்லை.

பல ஆஸ்பத்திரிகளில் இது வெளி லேபுக்குப் போகிறது, ஆல்புமினைவிட விலையும் கூடுதல். என்னைக் கேட்டால், கடும் நோயாளிக்கு இதை அனுப்பக் காரணமே இல்லை. அழற்சி இல்லாமல், சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்து, வெளிநோயாளியாகத் தொடர்ந்து பார்க்கும் ஒருவருக்கு ஓரளவு துணைத்தகவலாகலாம், அவ்வளவே.

## ப்ரீஆல்புமினோடு சி.ஆர்.பி.யும்

"இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்?" என்பது நியாயமான கேள்வி. சி.ஆர்.பி. அழற்சியைச் சொல்லிவிடும், மீதியைச் சாப்பாட்டின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்பது எண்ணம். அப்படிக் கழிக்க ஒரு நம்பகமான சூத்திரம் இல்லை. சி.ஆர்.பி. இறங்கும்போது ப்ரீஆல்புமின் ஏறினால் தெரிவது தொற்று அடங்குகிறது என்பதுதான், அதைச் சி.ஆர்.பி. தனியாகவே சொல்லிவிட்டது. அப்புறம் இரண்டாவது டெஸ்ட்டுக்கு எதற்குப் பணம்?

ஆனால் சி.ஆர்.பி.க்கு வேறொரு நல்ல பயன் உண்டு. ஆல்புமின் ஏற்கெனவே வந்துவிட்ட நோயாளியிடம், அந்த எண்ணை ஏன் ஒதுக்கினோம் என்பதற்கு அது சாட்சி. அலகை மட்டும் கவனியுங்கள். சில லேப் மி.கி./லிட்டர் என்றும் சில லேப் மி.கி./டெசிலிட்டர் என்றும் தரும். ஒரே நோயாளிக்கு 18 என்றும் 180 என்றும் வந்து, "பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று வார்டே பதறும். இரண்டும் ஒன்றுதான்.

## படுக்கையோரப் பரிசோதனை

எவ்வளவு சாப்பிட்டார், எடை எவ்வளவு மாறியது, தசையும் கொழுப்பும் எங்கே கரைந்திருக்கின்றன, நீர் கோத்த வீக்கம் உண்டா, கைப்பிடி பலம் எப்படி. அமெரிக்க டயட்டீஷியன் சங்கமும் ஆஸ்பெனும் 2012ல் வகுத்த ஆறு அடையாளங்களும் ஏறக்குறைய இவைதான். அவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் சத்துக்குறைபாடு. 2018ல் உலகச் சங்கங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட க்ளிம் முறையில் உடல் அடையாளம் ஒன்று, காரணம் ஒன்று என இரண்டும் வேண்டும். இரண்டிலும் ஆல்புமின் கிடையாது. க்ளிம்மில் அழற்சி ஒரு காரணமாகவே எண்ணப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இதன் செலவு பணமல்ல, நேரம். இருபது நிமிடமாவது ஆகும். எடை பார்க்கும் மிஷின் வார்டில் வேலை செய்ய வேண்டும். பார்ப்பவர் கை பழகியிருக்க வேண்டும், புதியவர்கள் இருவர் ஒரே தோளைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். வீங்கிய உடம்பில் எடை பொய் சொல்லும். மயக்கத்தில் இருப்பவரிடம் கைப்பிடி பலம் அளக்க முடியாது. அப்போதும் கூட வந்தவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கலாம், பழைய எடை தேடலாம்.

| | ஆல்புமின் | ப்ரீஆல்புமின் | ப்ரீஆல்புமின் + சி.ஆர்.பி. | படுக்கையோரப் பரிசோதனை |
|---|---|---|---|---|
| சாப்பாட்டால் மட்டும் மாறுமா | மாறாது. கசிவு, நீர்த்தல், கல்லீரல், சிறுநீர் இழப்பு | மாறாது. அழற்சி, சிறுநீரகம், ஸ்டீராய்டு | மாறாது. கழித்துப் பார்க்கச் சூத்திரம் இல்லை | உட்கொண்டதையே நேரடியாக அளக்கிறது |
| சரியான திசை காட்டுமா | மிக மெதுவாக, பெரும்பாலும் நோயின் திசை | வேகமாக, ஆனால் அழற்சியின் திசை | அழற்சி அடங்குவது தெரியும் | காட்டும்; வீக்கம் இருந்தால் எடை மட்டும் தவறும் |
| கேள்வி கேட்டால் நிற்குமா | நிற்காது | நிற்காது | விளக்கமாக நிற்கும், முடிவாக நிற்காது | நிற்கும் |
| மறைசெலவு | ஆல்புமின் பாட்டில், தள்ளிப்போன அறுவை | வெளி லேப் செலவு, பொய்யான நிம்மதி | இரட்டைச் செலவு | நேரம், பழகிய கை |

## ஒரு கேஸ், இரண்டு நாள்

இது நான் கோத்து உருவாக்கிய கேஸ். ஆனால் இதன் ஒவ்வொரு துண்டையும் வார்டில் பார்த்திருக்கிறேன்.

காசிமேட்டில் மீன் ஏற்றும் வேலை செய்யும் 54 வயதுக்காரர். உயரம் 165 செ.மீ. பத்து வருடச் சர்க்கரை, வலது பாதத்தில் சீழ், காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரை நோட்டில் இரண்டு மாதத்துக்கு முந்தைய எடை 62 கிலோ. (இந்த நோட்டுகள் பொக்கிஷம். அது இல்லாதவர்கள் சிலர் மீன் எடை போடும் தராசில் ஏறிப் பார்த்ததைச் சொல்வார்கள், அதையும் குறித்துக்கொள்வேன்.) நான்கு நாள் முன்புவரை சோறும் கவலை மீன் குழம்புமாக வயிறாரச் சாப்பிட்டவர். நெற்றிப்பொட்டு, தோள், தொடை எங்கும் தசை கரைந்த அடையாளம் இல்லை.

முதல் நாள் ரிப்போர்ட்: ஆல்புமின் 2.3, ப்ரீஆல்புமின் 7, சி.ஆர்.பி. 212 மி.கி./லிட்டர். ஐந்து நாள் முன்பு தெருமுனை லேபில் எடுத்த ஆல்புமின் 3.8. இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். அரை ஆயுள் 20 நாள் என்றால், கல்லீரல் ஐந்து நாளும் ஒரு துளிகூட உற்பத்தி செய்யாமல் இருந்தாலும் 3.8 என்பது சுமார் 3.2 வரைதான் இறங்கும். வந்ததோ 2.3. சாப்பிடாததால் இவ்வளவு இறங்க வழியே இல்லை. கசிவும் நீர்த்தலும்தான் மீதியைச் செய்திருக்கின்றன.

அவர் மனைவி என்னைப் பிடித்துக் கேட்டார்: "மேடம், ஆல்புமின் கம்மின்னு டாக்டர் சொன்னாரு. டெய்லி ஆறு முட்ட வெள்ளக்கரு குடுக்கவா?"

"முட்ட குடுங்கக்கா, மஞ்சக்கருவோடவே குடுங்க. ஆனா அந்த நம்பர் ஏறணும்னா மொதல்ல கால்ல இருக்கற சீழ் போவணும்," என்றேன்.

பத்தாம் நாள். சீழ் இரண்டு முறை சுத்தம் செய்தாகிவிட்டது. சி.ஆர்.பி. 38, ஆல்புமின் 2.4, ப்ரீஆல்புமின் 16. எடை 63 கிலோ. ரவுண்ட்ஸில் "சத்துநிலை தேறுகிறது" என்று குறிப்பு. எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

நான் ஒரு வாரத்துக்கும் மேலான சாப்பாட்டைத் தட்டு தட்டாகக் கேட்டு எழுதினேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி தயிர் சோறு, இடையில் டீ, பிஸ்கட், இரவு கஞ்சி. கூட்டினால் நாளுக்குச் சுமார் 750 கலோரி, 28 கிராம் புரதம். அவருக்குக் கிலோவுக்கு 25 கலோரி, 1.2 கிராம் புரதம் என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் 1,550 கலோரியும் 74 கிராம் புரதமும் வேண்டும். கலோரியில் பாதிகூட இல்லை, புரதம் இன்னும் மோசம். காரணமும் கேட்டதும் கிடைத்தது. தியேட்டர் லிஸ்ட் தள்ளிப்போகத் தள்ளிப்போக நாள் முழுக்கப் பட்டினி, மெட்ரோனிடசோல் மாத்திரையால் வாயெல்லாம் உலோகக் கசப்பு.

இரண்டு கணுக்காலிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம், ஆகவே ஏறிய ஒரு கிலோ நீர். நெற்றிப்பொட்டிலும் கட்டைவிரல் அடித்தசையிலும் லேசான குழிவு. கைப்பிடி பலம் 18 கிலோ. ஆசிய ஆண்களுக்கு 28க்குக் கீழே என்றாலே பலவீனம்.

முதல் நாள் சத்துக்குறைபாடு இல்லாதவரை எண்கள் குறைபாடுள்ளவர் என்றன. பத்தாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே குறைபாடு உண்டாகிவிட்டவரைத் தேறுகிறார் என்றன. இரண்டு முறையும் அவை அழற்சியைப் பற்றிச் சரியாகத்தான் பேசின.

## கேஸ் ஷீட்டில் எழுதுவது

மூன்று வழி பார்க்கிறேன். எண்ணைக் குறிப்பிடாமல் விடுவது ஒன்று. அடுத்து வருபவர் அதையே எடுத்து ஆல்புமின் பாட்டில் எழுதுவார். எண்ணை மட்டும் எழுதி விளக்கம் தராமல் விடுவது இரண்டாவது. படிப்பவர் தனக்குத் தோன்றிய பொருளைக் கொள்வார். மூன்றாவது, எண், அதே நாளின் அழற்சிச் சான்று, அதனால் என்ன முடிவு, பதிலாக எதைப் பயன்படுத்தினோம் என்று நான்கையும் சேர்த்து எழுதுவது. எழுதும் மொழி நம் வழக்கப்படி ஆங்கிலமாக இருக்கட்டும், பொருள் இப்படி:

> முதல் நாள்: ஆல்புமின் 2.3 கி./டெ.லி. (5 நாள் முன்பு 3.8), ப்ரீஆல்புமின் 7 மி.கி./டெ.லி. அதே நாள் சி.ஆர்.பி. 212 மி.கி./லி., காய்ச்சல், வலது பாதத்தில் சீழ், ட்ரிப்ஸ் ஏற்றப்படுகிறது. இந்த வீழ்ச்சி அழற்சியாலும் நீர்த்தலாலும் விளக்கப்படுகிறது. சத்துநிலையைக் கணிக்கப் பயன்படுத்தவில்லை. 4 நாள் முன்புவரை வழக்கமான உணவு, எடை இழப்பு இல்லை, தசை இழப்பு இல்லை. இன்று சத்துக்குறைபாடு இல்லை. வரும் அபாயம் அதிகம். உட்கொள்ளும் அளவு தினமும் குறிக்கப்படும்.

> பத்தாம் நாள்: ப்ரீஆல்புமின் 7லிருந்து 16, சி.ஆர்.பி. 212லிருந்து 38. ஏற்றம் அழற்சி தணிவதைக் காட்டுகிறது, உணவு போதுமானது என்பதை அல்ல. ஒரு வாரத்துக்கும் மேலாகத் தேவையில் சுமார் 48 சதவீதக் கலோரி. லேசான தசை இழப்பு. கைப்பிடி பலம் குறைவு. எடை 63 கிலோ, வீக்கத்தால் நம்பத்தக்கதல்ல. க்ளிம் முறைப்படி, கடும் நோயோடு கூடிய மிதமான சத்துக்குறைபாடு. இலக்கு 1,550 கலோரி, 75 கிராம் புரதம். தியேட்டர் தள்ளிப்போனால் உடனே உணவு தர அனஸ்தீசியா டாக்டரோடு பேசப்பட்டது. ப்ரீஆல்புமின் மறுபடி அனுப்பத் தேவையில்லை.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, "ஆல்புமின் நம்பத்தகாதது" என்று மட்டும் எழுதி நிறுத்துவது. எதனால், இந்த நோயாளியிடம் எந்தச் சான்றால் என்று இல்லாவிட்டால் அது கொள்கைப் பிரகடனம், குறிப்பு அல்ல. கல்லீரல் நோயோ சிறுநீரில் புரதமோ இருந்தால் அதையும் எழுதுங்கள். சி.ஆர்.பி. இயல்பாக இருந்து, ட்ரிப்ஸும் இல்லாமல் ஆல்புமின் குறைந்திருந்தால் அழற்சியைக் காரணம் காட்டாதீர்கள், முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மற்றது இன்னும் நுட்பமான சறுக்கல்: "அழற்சியால் ஆல்புமின் குறைவு, எனவே சத்துக்குறைபாடு இல்லை." முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. அழற்சி பசியைக் கொல்லும், தசையைக் கரைக்கும். அதனால்தான் க்ளிம் அதைக் காரணப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆல்புமினை ஒதுக்கிய கையோடு நோயாளியையும் ஒதுக்கிவிடக்கூடாது.

சீனியரோடு வாதம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு: "ஆல்புமின் 2.3, அறுவை அபாயம் அதிகம், சத்துநிலை தனியாக மதிப்பிடப்பட்டது" என்று எழுதினால் அவர் சொன்னதில் உள்ள உண்மையும் நிற்கும், நோயாளிக்குத் தவறான பெயரும் விழாது. டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் இதே வரியைப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை சுகாதார நிலையத்தில் பார்ப்பவர், பழைய 2.3 என்ற எண்ணை வைத்துப் புரோட்டீன் பவுடர் டப்பா எழுதிக்கொடுப்பார். அதற்குள் இவர் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அந்தக் கூடுதல் புரதமே பாரமாகும்.